ஓ.டி. கணக்கு: சின்ன மெஷினிங் யூனிட் நடத்துபவர்களும் அங்கே வேலை பார்ப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்க ஏரியால எல்லா யூனிட்லயும் சிங்கிள் ஓ.டி. தான் கொடுக்கிறாங்க. நான் மட்டும் ஏன் டபுள் கொடுக்கணும்?

சட்டத்தில் சிங்கிள் ஓ.டி. என்று ஒன்று கிடையாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 59, வழக்கமான ஊதிய விகிதத்தைப் போல இரண்டு மடங்கு என்று சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்த இரண்டு மடங்கு அப்படியே இருக்கிறது. தொழிலாளி "எனக்கு சிங்கிள் போதும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் செல்லாது, ஏனென்றால் சட்டப்படி சேர வேண்டிய ஊதியத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் அது செல்லாத ஒப்பந்தம் என்று ஊதியத் தொகுப்பு 2019 நேரடியாகவே சொல்கிறது. முந்தைய ஊதியம் வழங்கல் சட்டமும் அதையேதான் சொன்னது.

எட்டு மணி நேரம் முடிந்த பிறகு உடம்பிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் முதல் எட்டைவிடக் கடினமானது. அதற்குக் கூடுதல் விலை வைத்தால்தான் முதலாளியும் ஓ.டி.யை அவசியத்துக்கு மட்டும் பயன்படுத்துவார் என்பதுதான் இந்த இரண்டு மடங்கின் நோக்கம். சிங்கிளாகக் கொடுத்தால் புதிதாக ஆள் எடுப்பதைவிட இருக்கிற ஆளையே பிழிவது மலிவாகிவிடும். பி.எஃப்., விடுப்பு, போனஸ் எதுவும் சேராத மணி நேரம் அல்லவா அது.

எங்ககிட்ட ஏழு பேர்தான். நாங்க ஃபேக்டரியே இல்லைன்னு ஆடிட்டர் சொல்றார். அப்பவும் டபுளா?

ஆமாம். பழைய சட்டத்தில் மின்சாரம் பயன்படுத்தும் இடமென்றால் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை. புதிய பாதுகாப்பு மற்றும் பணிச்சூழல் தொகுப்பு அதை 20 ஆக்கியது, ஆனால் 10 பேர் இருக்கும் எந்தத் தொழிலிடமும் 'நிறுவனம்' என்ற வரையறைக்குள் வந்துவிடுகிறது. உங்களுக்குப் பத்துக்கும் குறைவு, சரி. ஆனால் ஊதியத் தொகுப்புக்கு ஆள் எண்ணிக்கை வரம்பே இல்லை. குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்ட ஒருவர் வழக்கமான வேலைநாளின் நேரத்தைத் தாண்டி உழைத்தால் இரண்டு மடங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று அதன் 14-ஆவது பிரிவு சொல்கிறது. தொழிற்சாலை உரிமம் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு கேள்வி, ஓ.டி. விகிதம் வேறு கேள்வி. ஆடிட்டர் முதலாவதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

மாசச் சம்பளம் வாங்கறவருக்கு ஒரு மணி நேர ரேட் எப்படி எடுக்கறது? 30-ஆல வகுக்கறதா, 26-ஆலயா?

26. வாரத்துக்கு ஒரு விடுமுறை போக மாதத்தின் வேலை நாட்கள் என்ற கணக்கு அது. தமிழ்நாட்டின் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்புகளிலும் மாத ஊதியத்திலிருந்து நாள் ஊதியம் காண 26-ஆல்தான் வகுக்கிறார்கள். 30-ஆல் வகுத்தால் விடுமுறை நாட்களையும் வேலை நாட்களாக எண்ணி விகிதத்தைக் குறைத்ததாக ஆகும்.

எதை வகுப்பது என்பதில்தான் பெரிய தொகை ஒளிந்திருக்கிறது. கோவைப் பக்கம் ஒரு மெஷினிங் யூனிட்டில் சி.என்.சி. ஆபரேட்டர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்த்து ரூ.14,560, வீட்டு வாடகைப்படி ரூ.2,600, பயணப்படி ரூ.1,040. மொத்தம் ரூ.18,200. இதை 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 700, எட்டால் வகுத்தால் மணிக்கு 87.50, இரண்டு மடங்கு 175. பல யூனிட்களில் செய்வது போல அடிப்படையையும் அகவிலைப்படியையும் மட்டும் எடுத்தால் நாளுக்கு 560, மணிக்கு 70, இரண்டு மடங்கு 140. மணிக்கு 35 ரூபாய் வித்தியாசம். மாதம் 20 மணி நேரம் ஓ.டி. பார்ப்பவருக்கு அது 700 ரூபாய், அதாவது ஒரு முழு நாள் சம்பளம்.

தொழிற்சாலைகள் சட்டத்தின் பிரிவு 59 அடிப்படை ஊதியத்தோடு தொழிலாளிக்கு உரிமையுள்ள படிகளையும் சேர்க்கச் சொன்னது, போனஸையும் ஓ.டி. தொகையையும் மட்டும் விலக்கியது. புதிய தொகுப்புகளின் 'ஊதியம்' என்ற வரையறையில் வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை வெளியே போகின்றன, ஆனால் அப்படி வெளியே போவதெல்லாம் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி திரும்ப ஊதியத்துக்குள் வந்துவிடும். ஆக, புதிய வரையறையைக் காட்டி 140 என்று வாதாட இடம் இருக்கிறது. நான் கணக்குப் போட்டுக் கொடுக்கும் யூனிட்களில் 175-தான் போடச் சொல்கிறேன். மாதாமாதம் தவறாமல் கொடுக்கும் படியை ஓ.டி.க்கு மட்டும் இல்லாததாக்குவது நியாயமில்லை. ஏற்கெனவே 175 வாங்கிக்கொண்டிருப்பவருக்குச் சட்டம் மாறியதைச் சொல்லி 140 ஆக்கினால் அடுத்த மாதம் வேறு யூனிட்டுக்குப் போய்விடுவார், அதையும் யோசித்துப் பாருங்கள்.

வகுக்கும்போது இன்னொன்றும் நடக்கும். காலை 8:30-லிருந்து மாலை 5:30 வரை ஷிப்ட், நடுவே ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை என்றால் உழைப்பு எட்டு மணி நேரம்தான். 'ஒன்பது மணி நேர ஷிப்ட்' என்று சொல்லி ஒன்பதால் வகுக்கக் கூடாது.

ஒரு நாள் ரெண்டு மணி நேரம் கூடப் பார்த்தார், சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் முன்னாடியே போயிட்டார். வாரத்துக்கு 48 தானே வருது, கழிச்சுக்கலாமா?

கழிக்க முடியாது. சின்ன யூனிட்களில் தொழிலாளிக்குத் தெரியாமலேயே பணம் போகும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஓ.டி.க்கு இரண்டு எல்லைகள் உண்டு, ஒன்று நாளுக்கு, இன்னொன்று வாரத்துக்கு. எதைத் தாண்டினாலும் ஓ.டி. வரும். நாள் எல்லை பழைய சட்டத்தில் ஒன்பது மணி நேரம், புதிய தொகுப்பில் நாள் வேலை நேரம் எட்டு. வார எல்லை 48. நாள் எல்லையைத் தாண்டிய நேரம் அன்றைக்கே ஓ.டி. ஆகிவிட்டது. பிறகு ஒரு நாள் அவர் சீக்கிரம் போனதால் அது சாதாரண நேரமாக மாறிவிடாது.

மேலே சொன்ன அதே ஆபரேட்டர் இரண்டாவது ஷிப்டில் இருக்கிறார். மதியம் 2:30 முதல் இரவு 11 வரை, மாலை 6:30-க்கு அரை மணி நேர இடைவேளை, உழைப்பு எட்டு மணி நேரம். வியாழக்கிழமை மூன்றாவது ஷிப்ட் ஆள் வரவில்லை. மெஷினில் ஏற்றிய ஜாப்பைப் பாதியில் விட முடியாது என்று சூப்பர்வைசர் கேட்க, இவர் சம்மதித்து 11 முதல் 11:30 வரை சாப்பிட்டுவிட்டு நள்ளிரவு தாண்டி 1:30 வரை ஓட்டுகிறார். அன்றைய உழைப்பு பத்து மணி நேரம். சனிக்கிழமை ஊரில் திருவிழா, அனுமதி வாங்கிக்கொண்டு ஆறு மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். மற்ற நாட்கள் எட்டு எட்டு. கூட்டினால் சரியாக 48.

முதலாளி சொன்னபடி கழித்துக்கொண்டால் அவருக்குக் கூடுதலாக ஒன்றும் இல்லை. சரியான கணக்கில் வியாழன் இரண்டு மணி நேரம் ஓ.டி., 2 × 175 = ரூ.350. சனி இரண்டு மணி நேரம் இல்லாததற்குச் சாதாரண விகிதத்தில் பிடிக்கலாம், 2 × 87.50 = ரூ.175. மிச்சம் ரூ.175 அவருக்கு வர வேண்டும். பிடித்தமும் இல்லாத நேரத்துக்குச் சரியான விகிதத்தில்தான் இருக்கலாம், இரண்டு மணி நேரத்துக்கு அரை நாள் பிடிப்பதெல்லாம் கூடாது.

பழைய சட்டத்தின் ஒன்பது மணி நேரத்தை எடுத்தால் வியாழனுக்கு ஒரு மணி நேரம் மட்டும் ஓ.டி. என்று வரும். தமிழ்நாட்டின் பழைய விதிகள் புதிய தொகுப்புக்கு முரணாக இல்லாத அளவுக்குத் தொடர்கின்றன, ஆனால் எட்டு மணி நேரம் என்பது தொகுப்பிலேயே எழுதியிருப்பது. எட்டை எல்லையாக வைத்துக் கணக்குப் போடுங்கள்.

நைட் ஷிப்ட்ல 12 மணிக்கு மேல பார்த்த நேரம் எந்த நாள் கணக்குல வரும்?

ஷிப்ட் தொடங்கிய நாளின் கணக்கில். தொழிற்சாலைகள் சட்டத்தின் பிரிவு 57 இதைத் தெளிவாகச் சொன்னது: ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டினால், தாண்டிய பிறகு உழைத்த நேரம் முந்தைய நாளோடு சேரும், அவருக்கு அடுத்த 'நாள்' என்பது ஷிப்ட் முடிந்ததிலிருந்து தொடங்கும் 24 மணி நேரம். வார விடுமுறைக்கும் இதே கணக்குதான். சனி இரவு போய் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வெளியே வந்தவருக்கு விடுமுறை திங்கள் காலை ஆறு வரை. ஞாயிறு இரவு பத்து மணிக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டு "ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுத்தோமே" என்று சொல்ல முடியாது.

தவறு பெரும்பாலும் கைரேகை மெஷினில்தான் நடக்கிறது. அதன் மென்பொருள் நள்ளிரவு 12-இல் நாளை வெட்டும்படி அமைந்திருந்தால், மேலே சொன்ன வியாழக்கிழமைக்கு உள்ளே வந்த பஞ்ச் மட்டும் இருக்கும், வெளியே போன பஞ்ச் இருக்காது. வெள்ளிக்கிழமைக்கு 1:30-க்கு உள்ளே வந்தார் என்று காட்டும். மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பவர் வியாழனை 'பஞ்ச் விட்டுப்போச்சு' என்று எட்டு மணி நேரமாகத் திருத்திவிடுவார், ஓ.டி. காணாமல் போய்விடும். உங்கள் அறிக்கையில் நைட் ஷிப்ட் ஆட்களுக்கு மட்டும் 'மிஸ்ட் பஞ்ச்' அதிகமாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஆட்கள் மேல் குறை சொல்லாதீர்கள், ஷிப்ட் அமைப்பில் நாள் மாறும் நேரத்தை எந்த ஷிப்டும் நடக்காத நேரத்துக்கு மாற்றுங்கள், அல்லது ஆளுக்கு ஷிப்டை ஒதுக்கி அதன்படி நாள் கணக்கிடச் செய்யுங்கள்.

சாஃப்ட்வேர் எல்லாம் வாங்க முடியாது. எக்செல்லே போதுமா?

இருபது முப்பது பேருக்குத் தாராளமாகப் போதும். ஒரு ஆளுக்கு ஒரு தாள், ஒரு நாளுக்கு ஒரு வரி. A-இல் தேதி (ஷிப்ட் தொடங்கிய தேதி), B-இல் ஷிப்ட், C-இல் வந்த நேரம், D-இல் போன நேரம், E-இல் இடைவேளை நிமிடத்தில். F-இல் உழைத்த மணி நேரம், G-இல் அன்றைய ஓ.டி., H8-இல் அந்த வாரத்தின் ஓ.டி.:

```
F2:  =MOD(D2-C2,1)*24-E2/60
G2:  =MAX(0,F2-8)
H8:  =MAX(SUM(G2:G8),SUM(F2:F8)-48)
```

`MOD` போடுவது நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டுக்காக. வெறுமனே D2-C2 என்று கழித்தால் 14:30-க்கு வந்து 1:30-க்குப் போனவருக்கு மைனஸில் வரும். மூன்றாவது சூத்திரம் நாள் மிகுதியின் கூட்டலையும் வார மிகுதியையும் ஒப்பிட்டு எது பெரியதோ அதை எடுக்கிறது. ஒரே மணி நேரத்தை இரண்டு தடவை எண்ணுவதும் நடக்காது, மேலே பார்த்த மாதிரி சனிக்கிழமையைக் காட்டி வியாழனை விழுங்குவதும் நடக்காது. நம் ஆபரேட்டருக்கு நாள் மிகுதி 2, வார மிகுதி 0, ஆகவே 2.

வாரம் என்பது சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கும் ஏழு நாட்கள். மாதம் புதன்கிழமை முடிந்தால் அந்த வாரத்தைப் பாதியில் வெட்டிக் கணக்கை முடிக்காதீர்கள், வாரம் முடிந்த பிறகு அந்த வார மிகுதியை அடுத்த மாதச் சம்பளத்தில் சேருங்கள்.

12 மணி நேர ஷிப்ட் சட்டம் வந்துடுச்சே, நாலு மணி நேரத்துக்கு ஓ.டி. கொடுத்தா சரிதானே?

வரவில்லை. 2023 ஏப்ரல் 21-இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்த மசோதாவைத்தான் நினைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பிறகு அது நிறுத்திவைக்கப்பட்டு, அதே ஆண்டு மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

ஓ.டி. பணம் கொடுப்பதால் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் வேலை வாங்கலாம் என்றும் ஆகாது. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின்படி தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் அரை மணி இடைவேளை இல்லாமல் வேலை கூடாது (வியாழக்கிழமை 11 மணிக்கு அந்த இடைவேளையைக் கொடுத்தது அதனால்தான்). இடைவேளைகளையும் சேர்த்து வந்ததிலிருந்து போவது வரை பத்தரை மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், தலைமை ஆய்வாளர் அனுமதித்தால் 12 வரை போகலாம். நம் ஆபரேட்டரின் வியாழன் 11 மணி நேரம் நீண்டதால் அதற்கு அந்த அனுமதி தேவைப்படும். ஓ.டி.க்கு விலக்கு விதிகளின் கீழ் மூன்று மாதத்துக்கு 50 மணி நேரம், பிரிவு 65-இன் கீழ் விலக்கு ஆணை வாங்கினால் 75. தினம் நாலு மணி நேரம் ஓ.டி. என்றால் 50 என்பது பதின்மூன்றாவது நாளிலேயே தாண்டிவிடும். அதாவது 12 மணி நேர ஷிப்டை நிரந்தரமாக ஓட்டும் யூனிட் முதல் மாதத்தின் பாதியிலேயே காலாண்டு வரம்பைக் கடந்துவிடுகிறது. உங்களுக்குத் தேவை ஓ.டி. இல்லை, இன்னொரு ஷிப்டுக்கு ஆட்கள்.

புதிய தொகுப்பில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. தொழிலாளியின் சம்மதம் இருந்தால்தான் ஓ.டி. பார்க்கச் சொல்ல முடியும். இதைப் பதிவில் எப்படிக் காட்டுவது என்று கீழே சொல்கிறேன்.

ஞாயித்துக்கிழமை வேலை பார்த்தா அதுக்குப் பதிலா ஒரு நாள் ஆஃப் கொடுத்தா போதுமா?

பார்க்க வேண்டியது ஞாயிறுக்கு முந்தைய மூன்று நாளிலோ பிந்தைய மூன்று நாளிலோ மாற்று விடுமுறை கிடைத்ததா என்பதை. கிடைத்திருந்தால், நாளுக்கும் வாரத்துக்கும் உள்ள எல்லை தாண்டாத வரை அந்த ஞாயிறு சாதாரண வேலை நாள்தான். விடுமுறையை முன்னாடியே எடுத்திருந்தால் ஞாயிறு நேரத்தை முந்தைய வாரத்தோடு சேர்த்து எண்ண வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாரத்துக்கு 40-ம் அடுத்த வாரத்துக்கு 56-ம் வந்து கணக்கு குழம்பும். ஆனால் எப்படி மாற்றினாலும் ஒரு முழு விடுமுறை இல்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் ஓட்டக் கூடாது.

அனுமதி பெற்ற விலக்கின் கீழ் விடுமுறையே இல்லாமல் ஏழு நாளும் பார்த்தால் வாரம் 56 ஆகும், எட்டு மணி நேரம் ஓ.டி. வரும். அதற்கு 8 × 175 = ரூ.1,400 கொடுத்தாக வேண்டும். இழந்த விடுமுறையையும் அந்த மாதத்திலோ அடுத்த இரண்டு மாதத்துக்குள்ளோ கொடுக்க வேண்டும். பணம் கொடுத்துவிட்டால் ஓய்வு வேண்டாம் என்றோ, ஓய்வு கொடுத்துவிட்டால் பணம் வேண்டாம் என்றோ மாற்றிக்கொள்ள முடியாது.

பீஸ் ரேட் ஆளுங்களுக்கு ஓ.டி. எப்படி? அவங்கதான் கூடப் போட்டா கூட வாங்கறாங்களே?

அவர்களுக்கும் உண்டு. ஓ.டி. பார்த்த மாதத்துக்கு முந்தைய மாதத்தில் அதே வேலையில் அவர் ஓ.டி. இல்லாமல் சம்பாதித்ததை, உண்மையில் வேலை பார்த்த நாட்களால் வகுத்து நாள் சராசரி எடுக்க வேண்டும். போன மாதம் 24 நாளில் ரூ.16,800 சம்பாதித்த டீபரிங் பெண் ஒருவருக்கு நாள் சராசரி 700, மணிக்கு 87.50, ஓ.டி. மணிக்கு 175. அந்த மணி நேரத்தில் அவர் முடித்த பீஸ்களுக்கு 90 ரூபாய் எழுதியிருந்தால் மிச்சம் 85-ஐச் சேர்த்துக் கொடுங்கள். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு 'பீஸ் ஆள்தானே' என்று வந்து போகும் நேரத்தையே குறிக்காமல் விடுவது. நேரம் இல்லாமல் எந்தக் கணக்கும் போட முடியாது, ஆகவே பீஸ் ரேட் ஆட்களுக்கும் மற்றவர்களைப் போலவே பஞ்ச் வையுங்கள்.

பத்து நிமிஷம், இருபது நிமிஷம் கூட இருந்தா அதையெல்லாம் எண்ணணுமா?

சூப்பர்வைசர் வேலை சொல்லி நின்ற நேரம் என்றால் எண்ண வேண்டும். கை கழுவி உடை மாற்றும் ஐந்து நிமிடத்தை வேலையாக எண்ண யாரும் கேட்பதில்லை. ஆனால் தினம் 25 நிமிடம் மெஷினைச் சுத்தம் செய்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டு 'அரை மணிக்குக் கீழே ஓ.டி. இல்லை' என்று விதி வைத்தால், 26 நாளில் 650 நிமிடம், கிட்டத்தட்ட 11 மணி நேரம் ஒரு ஆளிடமிருந்து இலவசமாகப் போகிறது. நிமிடத்துக்கே எண்ணிவிடுங்கள், எக்செல்லுக்கு அது ஒன்றும் பாரமில்லை. முழுமைப்படுத்தியே ஆக வேண்டுமென்றால் அடுத்த கால் மணிக்கு மேல்நோக்கி முழுமைப்படுத்துங்கள். வரும்போது ஐந்து நிமிடத் தாமதத்தைக் கால் மணியாக எழுதி, போகும்போது 14 நிமிடத்தைப் பூஜ்யமாக எழுதும் யூனிட்கள் இருக்கின்றன. அது கணக்கு இல்லை, பறிப்பு.

என்னென்ன பதிவு வச்சுக்கணும்? சுருக்கமா சொல்லுங்க.

நான்கு போதும், ஆனால் நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

முதலாவது, ஷிப்ட் நேரங்களை எழுதித் தமிழில் வாசலில் ஒட்டும் அறிவிப்பு. வட மாநில ஆட்கள் இருந்தால் அவர்கள் படிக்கும் மொழியிலும் போடுங்கள். ஷிப்ட் மாறினால் பழையதைக் கிழித்துவிடாமல் எந்தத் தேதி வரை என்று எழுதிக் கோப்பில் வையுங்கள். இரண்டாவது, வருகைப் பதிவு. மூன்றாவது, ஓ.டி. பதிவேடு. இதைத்தான் பலர் வைப்பதில்லை. தேதி, பெயர், மெஷின் அல்லது ஜாப் எண், ஏன் ஓ.டி. தேவைப்பட்டது, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, சொன்ன சூப்பர்வைசரின் கையெழுத்து, சம்மதித்த தொழிலாளியின் கையெழுத்து. ஓ.டி. தொடங்கும்போதே சம்மதக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், முடிந்த நேரத்தை முடிந்ததும் எழுதுங்கள், மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். நான்காவது, ஊதியப் பதிவேடும் சம்பளச் சீட்டும். சீட்டில் ஓ.டி. மணி நேரம், விகிதம், தொகை மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். 'இதர படி 2,450' என்று மொத்தமாகப் போட்டால் அது ஓ.டி. கொடுத்ததற்கு ஆதாரம் ஆகாது. சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் போய்விட வேண்டும், ஓ.டி.யும் அதோடுதான். ஓ.டி.யை மட்டும் 20-ஆம் தேதி தனியாகக் கவரில் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள்.

பதிவுல திருத்தம் வந்தா என்ன செய்யறது? பஞ்ச் மெஷின் அடிக்கடி தகராறு பண்ணுது.

காகிதத்தில் என்றால் ஒற்றைக் கோடு போட்டு அடியுங்கள், பழைய எண் படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியான எண், காரணம், தேதி, இரண்டு பேரின் கையெழுத்து. ஒயிட்னர் பூசிய பதிவேட்டை எந்த அதிகாரியும் நம்புவதில்லை, பூசியது நல்ல நோக்கத்துக்காகவே இருந்தாலும்.

மெஷின் என்றால் மாதம் முடிந்ததும் மூலப் பஞ்ச் விவரத்தை இறக்கி, யாரும் கை வைக்காத கோப்பாக அப்படியே வைத்துவிடுங்கள். திருத்தங்களை இன்னொரு தாளில், கூடுதல் நெடுவரிசையில் காரணத்தோடு எழுதுங்கள். மெஷின் வேலை செய்யாத நாளில் கேட்டில் நோட்டு வைத்து நேரம் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும். மாதச் சம்பளம் போடுவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் அவருடைய நேரத் தாளைக் காட்டிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அவரவருக்குத் தனியாக ஒரு படம் அனுப்பினால் கூடப் போதும். தவறு இருந்தால் பணம் போவதற்கு முன்பே வெளியே வந்துவிடும், அப்புறம் வரும் சண்டையில் பாதி இருக்காது.

ஆய்வுக்கு ஒரு நோட்டு, நிஜக் கணக்குக்கு ஒரு நோட்டுன்னு வச்சிருக்கோம். கண்டுபிடிப்பாங்களா?

கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகாது. எல்லாருடைய நேரமும் தினமும் 8:30, 5:00 என்று ஒரே மாதிரி இருந்தால் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும், மனிதர்கள் அப்படி வருவதில்லை. ஜாப் கார்டில் ஞாயிற்றுக்கிழமை தேதி இருக்கும், வருகைப் பதிவில் அன்றைக்கு விடுமுறை. டெலிவரி சலான் இரவு பத்து மணிக்கு, ஆள் ஐந்து மணிக்கே போய்விட்டார். தரச் சோதனைத் தாளில் இருக்கும் கையெழுத்து அந்த ஷிப்டிலேயே இல்லாதவருடையது. பெரிய கம்பெனிகளுக்குப் பாகம் சப்ளை செய்தால் அவர்களுடைய தணிக்கையாளர்களும் இதே ஒப்பீட்டைத்தான் செய்கிறார்கள்.

பிடிபடுவதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஊதியம் குறைவாகக் கொடுத்ததாக ஒரு தொழிலாளி மனுப் போட்டால், கொடுத்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளிமேல் என்று ஊதியத் தொகுப்பின் 59-ஆவது பிரிவு சொல்கிறது. மனுப் போட மூன்று ஆண்டு வரை நேரம் உண்டு. நீங்கள் கவரில் உண்மையாகவே கொடுத்த ஓ.டி. பணம் ஆய்வு நோட்டில் இல்லை, நிஜ நோட்டை வெளியே காட்ட முடியாது. அப்போது கொடுத்த பணத்தையே இரண்டாவது தடவை கொடுக்க வேண்டி வரும். அந்தப் பொய் நோட்டை இந்த மாதத்தோடு மூடுங்கள். நிஜக் கணக்கை ஐந்து ஆண்டாவது பத்திரமாக வையுங்கள்.

நான் தொழிலாளி. கம்பெனி எனக்கு எதுவும் எழுதித் தர்றதில்லை. நான் என்ன வச்சுக்கணும்?

சின்ன நோட்டு ஒன்று போதும். தேதி, ஷிப்ட், வந்த நேரம், போன நேரம், எந்த மெஷின், யார் இருக்கச் சொன்னார்கள். அன்றன்றைக்கே எழுதுங்கள், ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதியது பார்த்தாலே தெரியும். ஓ.டி.க்கு வரச் சொல்லி சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். சம்பளம் வங்கியில் வந்தால் எந்தத் தொகை எதற்கென்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால் கையெழுத்துக்குக் கீழே தேதியையும் வாங்கிய தொகையையும் நீங்களே எழுதிவிடுங்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்குப் போகிறவர்கள் ஒப்பந்தக்காரர் பெயரையும் எந்த யூனிட் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், ஒப்பந்தக்காரர் கொடுக்காவிட்டால் அந்த யூனிட்டிடம் கேட்க அதுதான் வழி.

மூணு மாசமா தப்பான ரேட்ல ஓ.டி. கொடுத்திருக்கோம்னு இப்பதான் தெரிஞ்சுது. எப்படிச் சரி பண்றது?

ஒவ்வொரு மாதத்தையும் அந்தந்த மாதத்தில் இருந்த சம்பளத்தின்படி தனியாகக் கணக்கிடுங்கள், இன்றைய சம்பளத்தை வைத்து மொத்தமாகப் பெருக்காதீர்கள். நம் ஆபரேட்டரையே எடுத்துக்கொள்வோம். முதல் மாதம் சம்பளம் ரூ.16,640, சரியான ஓ.டி. விகிதம் 160. அடிப்படையையும் அகவிலைப்படியையும் மட்டும் வைத்து சிங்கிளாக 64 கொடுத்திருக்கிறீர்கள், குறைவு மணிக்கு 96. அந்த மாதம் 22 மணி நேரம் பார்த்தார், ரூ.2,112. அடுத்த மாதம் சம்பளம் 18,200 ஆனது, சரியான விகிதம் 175, கொடுத்தது 70, குறைவு 105. இரண்டாவது மாதமும் மூன்றாவது மாதமும் 30-ம் 26-ம் ஆக 56 மணி நேரம், ரூ.5,880. மொத்தம் ரூ.7,992.

இதை வரும் சம்பளத்தோடு, சீட்டில் 'ஓ.டி. நிலுவை' என்று தனி வரியில், எந்த மாதத்துக்கு எத்தனை மணி நேரம் என்று குறித்து வங்கி வழியாகக் கொடுங்கள். பழைய மாதப் பதிவேட்டைத் திறந்து எண்களை மாற்றாதீர்கள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'நிலுவை எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது' என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும். இடையில் வேலையை விட்டுப் போனவர்களுக்கும் இதே கணக்கு உண்டு, அவர்களுடைய வங்கி எண் உங்கள் பழைய சம்பளத் தாளிலேயே இருக்கும்.